ஆய்வேடு கையளித்தல், ஒப்புமைச் சோதனை, வாய்மொழிப் பரீட்சை, கால நீடிப்பு: ஆய்வு மாணவர்களுக்கான அறிவித்தல்

உயர்பட்ட ஆய்வுப் பிரிவு, கண்டி

முதுதத்துவமாணி, கலாநிதிப் பட்டங்களுக்குப் பதிவுசெய்துள்ள தமிழ்மொழிமூல ஆய்வு மாணவர்கள் அனைவருக்கும்,

இவ்வாண்டு டிசம்பர் 15ஆம் திகதிக்குள் ஆய்வேட்டைக் கையளிக்க வேண்டியோர் பதினொரு பேர். அவர்களுள் எட்டுப் பேர் தோட்டப் பாடசாலைகளில் கற்பித்துக்கொண்டே பகுதிநேரமாக ஆய்வு செய்பவர்கள். தவணைப் பரீட்சையும் விடைத்தாள் திருத்தமும் ஒன்றாக வந்துசேரும் மாதங்களில்தான் இந்த வேலையும் முடிய வேண்டியிருக்கிறது என்பதை அறிந்தே, நடைமுறைகளை இம்முறை விரிவாக எழுதுகிறேன்.

முதற்படி, கையளிக்கும் எண்ணத்தை அறிவிக்கும் படிவம். அதனை மேற்பார்வையாளரின் கையொப்பத்துடன் செப்டெம்பர் 15ஆம் திகதிக்கு முன் ஒப்படைக்க வேண்டும். பலர் இதனை வெறும் சம்பிரதாயமாக எண்ணிக் கடைசி வாரத்தில் கொண்டுவருகிறார்கள். பரீட்சகர்களின் பெயர்களை உயர்பட்டக் குழு பரிந்துரைப்பதும், மூதவை அவற்றை அங்கீகரிப்பதும், அவர்கள் இணங்கிக் கடிதம் அனுப்புவதும் இந்தப் படிவத்துக்குப் பின்னரே தொடங்குகின்றன. படிவம் ஒரு மாதம் தாமதித்தால் வாய்மொழிப் பரீட்சையும் குறைந்தது ஒரு மாதம் தள்ளிப்போகும். தலைப்பில் ஒரு சொல் மாறினாலும் இப்போதே தெரிவியுங்கள். ஆய்வேட்டின் முகப்பில் ஒரு தலைப்பும் மூதவைத் தீர்மானத்தில் வேறொரு தலைப்பும் இருந்தால் பட்டச் சான்றிதழ் அச்சிடப்படும் கட்டத்தில் சிக்கல் எழும்.

பரீட்சைக்கான பிரதிகள் மென்னட்டையில் நான்கும், ஒரு பீடிஎஃப் கோப்பும் தேவை. கட்டணப் பற்றுச்சீட்டு, மேற்பார்வையாளரின் சான்று, சொந்த ஆக்கம் என்ற உறுதிமொழி, ஒப்புமை அறிக்கை ஆகியவை அவற்றுடன் வர வேண்டும். வன்னட்டை கட்டுவதற்கு அவசரப்பட வேண்டாம். திருத்தங்கள் ஏற்கப்பட்ட பின்னரே அந்தச் செலவு தேவைப்படும்.

ஒப்புமைச் சோதனை குறித்துச் சற்று நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் பயன்படுத்தும் டர்னிடின் மென்பொருள் களவைக் கண்டுபிடிப்பதில்லை. ஓர் ஆய்வேட்டின் சொற்றொடர்கள் ஏற்கெனவே உள்ள எழுத்துகளோடு எங்கெங்கு ஒத்திருக்கின்றன என்பதை மட்டுமே அது காட்டும். நூற்பட்டியலையும் மேற்கோள்குறிக்குள் உள்ளவற்றையும் நீக்கிய பின் மொத்த ஒப்புமை 20 வீதத்துக்கும், தனியொரு மூலத்துடனான ஒப்புமை 5 வீதத்துக்கும் மேற்படக்கூடாது என்பது எமது பிரிவின் விதி. ஆயினும் 8 வீதம் வந்த ஆய்வேட்டில் ஒரு முழுப் பந்தி மூலம் குறிப்பிடாமல் எடுக்கப்பட்டிருந்தால் அது களவுதான். 23 வீதம் வந்தும் எல்லாம் சட்ட வாசகங்களாகவும் முறையியல் தொடர்களாகவும் இருந்தால் விளக்கக் கடிதத்துடன் ஏற்கப்படலாம். இதனால்தான் ஒவ்வோர் அறிக்கையையும் மேற்பார்வையாளர் பக்கம் பக்கமாக வாசித்துக் கையொப்பமிட வேண்டும் என்கிறோம்.

எழுத்துரு விடயத்தில் நாம் எல்லோரும் கவனமாக இருக்க வேண்டும். கடந்த ஆண்டு ஒரு மாணவியின் ஆய்வேடு பூச்சிய வீதத்துடன் திரும்பி வந்தது. அவர் மகிழ்ந்தார், எமக்கு ஐயம் எழுந்தது. கோப்பைத் திறந்து ஒரு வரியைப் பிரதிசெய்து வேறிடத்தில் ஒட்டிப் பார்த்தோம். திரையில் ‘தமிழ்’ என்று தெரிந்த சொல் jkpo; என்று விழுந்தது. முழு ஆய்வேடும் பாமினி எழுத்துருவில் தட்டச்சாகியிருந்ததால் மென்பொருளின் கண்ணில் அது ஆங்கில எழுத்துகளின் குவியலாக இருந்திருக்கிறது. அவர் எதையும் மறைக்கவில்லை; தட்டச்சுக் கடையில் கொடுத்த நூற்றுக்கணக்கான பக்கங்கள் அப்படி வந்திருந்தன. யூனிகோடுக்கு மாற்றி, மாற்றத்தில் சிதைந்த ஒற்றுகளையும் கொம்புகளையும் சரிபார்க்க அவருக்கு ஐந்து வாரங்கள் பிடித்தன. ஆகவே யூனிகோட் அல்லாத கோப்புகள் இனி ஏற்கப்படமாட்டா. முதல் அத்தியாயத்திலேயே இதனைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மென்பொருள் காட்டாத களவும் உண்டு. ஆங்கில அல்லது சிங்கள நூலின் பந்தியைத் தமிழாக்கி மூலம் சொல்லாமல் விடுவது அவற்றுள் முதன்மையானது. பரீட்சகர்கள் அதனை எளிதாக இனங்காண்கிறார்கள். மலையகம் பற்றிய ஆய்வேடுகளில் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமும் தவறாமல் இடம்பெறுகின்றன. இந்தியா 525,000 பேரையும் இலங்கை 300,000 பேரையும் ஏற்க, 150,000 பேரின் நிலை பின்னர் தீர்மானிக்கப்படும் என்று அன்று முடிவானது பொதுவாக அறியப்பட்ட செய்தி. ஆனால் அந்தச் செய்தியை ஒருவர் அடுக்கிச் சொன்ன விதமும் அதிலிருந்து எடுத்த முடிவும் அவருக்கே உரியவை. அதேபோல், லயத்து வாசலில் அமர்ந்து ஒரு மூதாட்டி சொன்ன அனுபவம் உங்கள் ஆய்வேட்டில் உங்கள் வசனமாக மாறிவிடக்கூடாது. அவர் பெயரை மறைக்கக் கேட்டிருந்தால் மறையுங்கள். சொன்னவர் அவர் என்பதை மறைக்காதீர்கள்.

வரைவைச் சோதிக்கும்போது அதனை மென்பொருளின் களஞ்சியத்தில் சேமிக்காத தெரிவையே பயன்படுத்த வேண்டும். சேமித்துவிட்டால் இறுதிப் பிரதி உங்கள் சொந்த வரைவோடு ஏறத்தாழ முழுமையாக ஒத்துப்போகும். வெளியே பணம் கொடுத்துச் சோதிக்க வேண்டாம். எமது அலுவலகம் இருமுறை கட்டணமின்றிச் செய்து தரும்.

பரீட்சகர்களுக்கு ஆய்வேட்டை வாசிக்க எட்டு வாரங்கள் வழங்கப்படும். இரு அறிக்கைகளும் கிடைத்த பின் வாய்மொழிப் பரீட்சைக்குத் திகதி குறித்து, குறைந்தது 14 நாட்களுக்கு முன் எழுத்தில் அறிவிப்போம். பதுளை, ஹப்புத்தளைப் பக்கமிருந்து வருவோரை எண்ணி எந்தப் பரீட்சையும் முற்பகல் 11 மணிக்கு முன் தொடங்காது. வெளிப் பரீட்சகர் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருந்தால் இணையவழி இணையலாம். மாணவர் நேரில் வர வேண்டும். திகதியை அறிய மாணவர் பரீட்சகரைத் தாமாகத் தொடர்புகொள்ளக்கூடாது, மேற்பார்வையாளர் வழியாகவும் கூடாது. சிறு திருத்தங்களுக்கு ஒரு மாதமும் பெருந்திருத்தங்களுக்கு ஆறு மாதங்களும் தரப்படும். பரீட்சகரின் ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே திருத்திய பக்க எண்ணைக் காட்டும் அட்டவணை இன்றித் திருத்திய பிரதி பெறப்படமாட்டாது.

கால நீடிப்பு ஒரு தடவைக்கு ஆறு மாதங்கள். அதிகபட்சம் இரு தடவைகள். பதிவுக்காலம் முடிவதற்கு 60 நாட்களுக்கு முன் விண்ணப்பம், மேற்பார்வையாளரின் முன்னேற்ற அறிக்கை, எஞ்சிய வேலைக்கான மாதவாரித் திட்டம் ஆகியன எம்மிடம் இருக்க வேண்டும். நோய், மேற்பார்வையாளர் மாறுதல், களத்தரவு பெறுவதில் நேர்ந்த தடை ஆகியவை ஏற்கப்படும் காரணங்கள். வேலைப்பளு என்று மட்டும் எழுதினால் குழு ஏற்பதில்லை. மகப்பேற்று விடுமுறை நீடிப்பாகக் கணக்கிடப்படாது. அந்தக் காலம் பதிவுக்காலக் கணக்கில் சேர்க்கப்படாது.

மண்சரிவு அபாயத்தால் வீட்டைவிட்டு வெளியேறியவர்களுக்கு 60 நாள் விதி பொருந்தாது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் வெளியேற்ற எச்சரிக்கை உங்கள் பிரதேச செயலகப் பிரிவுக்கு விடுக்கப்பட்டிருந்ததையும், கிராம அலுவலரின் கடிதத்தையும் காட்டினால் போதும். குறிப்பேடும் கணினியும் நனைந்துபோனவரிடம் மேலதிகச் சான்று கேட்பது முறையன்று என்று குழுவில் வாதிட்டே இந்தத் தளர்வைப் பெற்றோம். தயவுசெய்து அதனைப் பயன்படுத்துங்கள்.

பதிவுக்காலம் முடிந்த பின் வரும் விண்ணப்பத்தை என்னால் குழுவுக்குச் சமர்ப்பிக்கவே முடியாது. பின்தங்கிவிட்டோம் என்ற கூச்சத்தால் ஓராண்டு அலுவலகப் பக்கமே வராதிருந்து, எழுதி முடித்த நான்கு அத்தியாயங்களோடு பதிவை இழந்தவர்களை எனக்குத் தெரியும். எழுதியது எவ்வளவு என்று கேட்டு யாரையும் இங்கு சங்கடப்படுத்தமாட்டோம்.

படிவங்கள் அலுவலகத்திலும் மேற்பார்வையாளர்களிடமும் கிடைக்கும். பாடசாலை நாட்களில் வர இயலாதவர்களுக்காக ஒவ்வொரு மாதமும் முதலாம், மூன்றாம் சனிக்கிழமைகளில் காலை 9 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை அலுவலகம் திறந்திருக்கும்.

ஒருங்கிணைப்பாளர்,
உயர்பட்ட ஆய்வுப் பிரிவு