பொருள்: திங்கள், புதன், வெள்ளி புரொடக்‌ஷன் மீட்டிங்குக்குப் பதிலாக மாலையில் எழுத்துக் குறிப்பு

வணக்கம் சார்,

நேற்று ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் முடிந்து கிளம்பும்போது, மீட்டிங் பற்றி ஒரு யோசனை இருக்கிறது என்று சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். நிதானமாக யோசித்து எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். போன தீபாவளிக்கு முன்னால் இந்தப் பத்து மணி மீட்டிங்கை நீங்கள் தொடங்கியிருக்காவிட்டால் அந்த சீசனை நாம் தாண்டியிருக்க மாட்டோம். துணி எங்கே நிற்கிறது என்று கட்டிங்குக்குத் தெரியாது, எந்த ஸ்டைல் முதலில் போக வேண்டும் என்று லைனுக்குத் தெரியாது. எல்லோரும் மெர்ச்சண்டைசருக்குத்தான் போன் போடுவார்கள். ஒரே மேசையில் உட்கார வைத்த பிறகுதான் ஒருவர் வேலை அடுத்தவரை எப்படிப் பாதிக்கிறது என்று எல்லோருக்கும் புரிந்தது. அந்தப் பழக்கம் இப்போது வந்துவிட்டது. அதனால்தான் அடுத்த படிக்குப் போகலாம் என்று தோன்றுகிறது.

கடந்த 3 வாரங்களாக மீட்டிங்கில் என்ன பேசுகிறோம் என்று என் நோட்டில் குறித்து வந்தேன். ஒன்றேகால் மணி நேரத்தில் பெரும்பகுதி எண்களை வாசிப்பதில் போகிறது. எவ்வளவு வெட்டினோம், எவ்வளவு தைத்தோம், செக்கிங்கில் எவ்வளவு நிற்கிறது. எல்லோரும் கூடி முடிவெடுக்க வேண்டிய விஷயம் ஒரு மீட்டிங்குக்கு ஒன்றோ இரண்டோதான் வருகிறது, சில நாள் ஒன்றும் இல்லை. நாம் 11 பேர் வாரம் 3 முறை உட்காருகிறோம். கூட்டிப் பார்த்தால் வாரத்துக்கு 41 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

நேரத்தைவிட அந்த வேளைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 8.30-க்கு ஷிஃப்ட் தொடங்கி லைன் சீராக ஓட ஆரம்பிப்பதே பத்து மணி வாக்கில்தான். எந்த மெஷினில் பீஸ் தேங்குகிறது என்று கண்ணுக்குத் தெரிகிற அந்த நேரத்தில் லைன் சூப்பர்வைசர் மேலே மீட்டிங்கில் இருக்கிறார். கட்டிங் மாஸ்டர் லே விரிப்பதைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறார். டையிங் ஃபாலோ அப் பார்க்கிற தம்பிக்கும் அதே கஷ்டம். காலையில் எந்த லாட் இறங்கியது, எது ரீ-டையிங் போகிறது என்று சாயப்பட்டறையில் கேட்க வேண்டிய நேரத்தில் அவர் போனை சைலன்ட்டில் வைத்திருக்கிறார்.

அடுத்து நான் சொல்வது யாரையும் குறை சொல்வதற்காக இல்லை. இரண்டு வாரம் முன்பு நேவி ஸ்டைலில் கழுத்து ரிப் ஷேடு பாடியைவிடக் கொஞ்சம் வெளுத்திருந்தது. ரிப் தாமதமாகி வேறு லாட்டில் சாயம் போட்டதால் வந்தது. கட்டிங்கில் செவ்வாய் மதியம் 3 மணிக்கே அதைக் கவனித்துவிட்டார்கள். மறுநாள் காலை மீட்டிங் இருக்கிறதே, அங்கே சொல்லலாம் என்று இருந்துவிட்டார்கள். நாங்கள் கேட்டபோது புதன் மணி 10.20. அதற்குள் 260 பீஸுக்குக் கழுத்து ஏறிவிட்டது. அத்தனையும் பிரித்து ஆல்டர் செய்தோம். மீட்டிங் என்று ஒன்று இருப்பதாலேயே செய்தி அதற்காகக் காத்திருக்கிறது சார். செவ்வாய் மாலையே இரண்டு வரி எழுதியிருந்தால் புதன் காலை அந்த பண்டில் லைனுக்கே போயிருக்காது.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. செக்கிங் அக்கா மீட்டிங்கில் அதிகம் பேச மாட்டார். எல்லோர் முன்னாலும் ஒரு லைனின் தையல் சரியில்லை என்று சொன்னால் அந்த சூப்பர்வைசருக்குச் சங்கடம் என்று நினைக்கிறார். அப்புறம் மதியம் என்னிடம் தனியாக வந்து சொல்வார், அதுதான் அன்றைய முக்கியமான தகவலாக இருக்கும். எத்தனை பீஸ், எந்தக் குறை என்று எழுதச் சொன்னால், அது யார் மேலும் புகாராகத் தெரியாது.

என் யோசனை இது. ஞாயிறு தவிர தினமும் மாலை 6 மணிக்குள் ஒவ்வொரு பிரிவும் வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு குறிப்புப் போட வேண்டும். இப்போதுள்ள குரூப்பில் போட்டோக்களுக்கு நடுவில் அது காணாமல் போய்விடும், அதனால் தனியாக ஒரு குரூப் வேண்டும். கட்டிங் குறிப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

கட்டிங், செவ்வாய்
திட்டம் 4,200 பீஸ், வெட்டியது 3,650
குறைவு: 550. கிரே துணி 120 கிலோ வரவில்லை, காம்பாக்டிங்கில் இருக்கிறது
கவனிக்க: நேவி ரிப் ஷேடு வெளுப்பு, பண்டில் நிறுத்தி வைத்திருக்கிறோம்
யார் செய்ய வேண்டும்: மெர்ச்சண்டைசர் காலை 8.30-க்குள் ஷேடு பார்த்துச் சொல்ல வேண்டும்

இதை எழுத பத்து நிமிடம் போதும். எல்லாப் பிரிவும் போட்டதும் ஷிப்மென்ட் தேதி நெருங்கிய ஆர்டர்களை மட்டும் தொகுத்து 6.45-க்கு நான் உங்களுக்கு அனுப்புகிறேன். உங்கள் முடிவு தேவைப்படுவது அதில் மேலேயே இருக்கும். நீங்கள் இரவு பதில் போட்டால், காலை லைன் ஓடும்போது அது கையில் இருக்கும்.

எழுதுவது சிலருக்குச் சிரமம் என்று உங்களுக்குத் தோன்றலாம். நானும் அதை யோசித்தேன். கட்டிங் மாஸ்டரும் அயர்னிங் அண்ணனும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பட்டும், பிளானிங்கில் இருக்கும் பாப்பா அதைக் கேட்டு எழுதிப் போடச் சம்மதித்திருக்கிறார். யாராவது போடாமல் விட்டால் 6.15-க்கு நானே கூப்பிட்டுக் கேட்பேன். அவசரம் என்றால் குறிப்புக்குக் காத்திருக்கக் கூடாது, உடனே போன்தான். நேவி ரிப் மாதிரி விஷயத்துக்கு அதுதான் முறை.

மீட்டிங்கை முழுவதும் எடுத்துவிடச் சொல்லவில்லை. திங்கட்கிழமை மட்டும் மதியம் 2 மணிக்கு அரை மணி நேரம் உட்காரலாம். எண்கள் ஏற்கெனவே எல்லோர் கையிலும் இருக்கும், அதனால் அந்த வாரம் எந்த ஆர்டருக்கு எந்த லைன், தூத்துக்குடிக்கு எந்த கன்டெய்னர் எப்போது என்று மட்டும் பேசலாம். புது ஸ்டைல் லைனில் ஏறும் முன் வைக்கிற பி.பி. மீட்டிங்கும் அப்படியே இருக்கட்டும். சாம்பிளைக் கையில் வைத்துத் தொட்டுப் பார்த்துப் பேச வேண்டியதை எழுத்தில் கொண்டுவர முடியாது.

நான்கு வாரம் சோதனையாகச் செய்து பார்க்க அனுமதி கேட்கிறேன். ஆல்டருக்குப் போன பீஸ், தேதி தவறிய ஆர்டர் இரண்டையும் முந்தைய நான்கு வாரத்தோடு ஒப்பிட்டு உங்களிடம் காட்டுகிறேன். கூடியிருந்தால், அல்லது உங்களுக்குப் பிடி விட்டுப் போகிறது என்று தோன்றினால், மறுநாளே பழைய மீட்டிங்குக்குத் திரும்பிவிடலாம்.

இதைப் பற்றி கட்டிங், பிளானிங் இரண்டு பேரிடம் மட்டும்தான் பேசியிருக்கிறேன். நீங்கள் சரி என்று சொன்ன பிறகு, உங்கள் வாயாலேயே மற்றவர்களுக்குச் சொன்னால் நன்றாக இருக்கும். மீட்டிங்கைத் தொடங்கியவர் நீங்கள், மாற்றமும் உங்களிடமிருந்து வந்தால்தான் எல்லோரும் அதே அக்கறையோடு எடுத்துக்கொள்வார்கள்.

வெள்ளிக்கிழமை மீட்டிங் முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கினால் நேரில் வந்து பேசுகிறேன் சார்.

நன்றியுடன்,
சீனியர் மெர்ச்சண்டைசர்
யூனிட் 2, திருப்பூர்