பெரியப்பா, வீணைப் பெட்டியைத் திறந்து பார்த்த பிறகே கையெழுத்து

பெரியப்பாவுக்கு வணக்கம்.

பெரியம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? நேற்று போனில் பேசும்போது உங்கள் பக்கத்தில் மது இருந்ததால் விவரமாகச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். சாவகாசமாக ஒரு முறை படித்துவிடுங்கள். பெட்டி வரும் அன்று இதையே கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் போதும்.

மதுவுக்கு வீணை வாங்கியாகிவிட்டது. தஞ்சாவூரில் போன மாதமே சொல்லிவைத்தேன். திங்கட்கிழமை நானே நேரில் போய், அவளுடைய வீணை டீச்சர் சொன்னபடி வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, கண்முன்னால் பெட்டியில் அடுக்க வைத்து, பார்சல் சர்வீஸில் போட்டுவிட்டு வந்தேன். வியாழன் அல்லது வெள்ளி காலையில் பாளையங்கோட்டை வந்துவிடும். செந்திலும் அண்ணியும் வேலைக்குப் போய்விடுவார்கள், மது பள்ளிக்கூடத்தில் இருப்பாள். அதனால்தான் உங்கள் பெயருக்கும் உங்கள் வீட்டு முகவரிக்கும் போட்டிருக்கிறேன். சரஸ்வதி பூஜை அன்று கொலுவுக்கு முன்னால் அவள் கண்ணில் படட்டும், அதுவரை அவளுக்குத் தெரிய வேண்டாம். செந்திலுக்கும் அண்ணிக்கும் மட்டும் சொல்லிவிட்டேன்.

இப்போது முக்கியமான விஷயம். வண்டிக்காரர் பெட்டியை இறக்கியதும் பேப்பரை நீட்டி, "சார், ஒரு சைன் போடுங்க" என்பார். திறந்து பார்க்கும் வரை போடாதீர்கள் பெரியப்பா. உங்கள் சுபாவம் எனக்குத் தெரியும். வெயிலில் வந்தவரை நிற்க வைக்க உங்களுக்கு மனசு வராது. அவருக்கு உட்கார நாற்காலி போடுங்கள், மோர் கொடுங்கள், ஒரு கால் மணி நேரம் ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆனால் கையெழுத்து கடைசியில்தான். அந்தப் பேப்பரில் "சரக்கு நல்ல நிலையில் பெறப்பட்டது" என்று பொடி எழுத்தில் முன்கூட்டியே அச்சடித்திருப்பார்கள். அதன் கீழே நம் கையெழுத்து விழுந்துவிட்டால், பிறகு விரிசல் இருக்கிறது என்று நாம் சொல்வதை யாரும் காதில் வாங்க மாட்டார்கள். டீச்சருக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் ஆனது. சாயங்காலம் பிரித்துப் பார்த்தால் உருண்டையான குடத்துக்கும் நீளமான தண்டிக்கும் நடுவே ஒட்டு விட்டிருந்தது. கேட்டதற்கு, அவர் போட்ட கையெழுத்தையே எடுத்துக் காட்டிவிட்டார்களாம்.

சில சமயம் பேப்பர் இல்லாமல் போனுக்கு ஓ.டி.பி. அனுப்புவார்கள். அந்த எண்ணைச் சொல்வதும் கையெழுத்துப் போடுவதும் ஒன்றுதான். உங்கள் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறேன், மெசேஜ் வந்தால் அப்படியே வைத்திருங்கள். வண்டிக்காரர் தெருமுனையிலிருந்தே போன் செய்து "ஓ.டி.பி. சொல்லுங்க" என்று கேட்டாலும், பெட்டியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

பெட்டி ஐந்தடி நீளத்துக்குக் குறையாமல் இருக்கும். மரச் சட்டம் அடித்து, மேலே சாக்கு சுற்றி, நீல நைலான் நூலால் தைத்திருக்கிறது. ஒரு முனையில் "குடம் இந்தப் பக்கம்" என்று சிவப்பு மையால் எழுதச் சொன்னேன். அந்தப் பக்கம்தான் கனம். வண்டியிலிருந்து இறக்கும்போது நீங்கள் கை கொடுக்க வேண்டாம். எதிர் வீட்டு முருகனைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, படுக்கை வாக்கிலேயே கொண்டுவந்து திண்ணையில் வைக்கட்டும். செங்குத்தாக நிறுத்த விடாதீர்கள். வண்டியில் நிறுத்தி வைத்துக் கொண்டுவந்திருந்தால் அதையும் ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள்.

வைத்ததும் நான்கு பக்கமும் சுற்றிப் பாருங்கள். மதுரையில் ஒரு தடவை வண்டி மாறி வருகிறது, அடிபட்டால் பெரும்பாலும் அங்கேதான் பட்டிருக்கும். மூலை நசுங்கியிருக்கிறதா, மரச் சட்டம் பிளந்திருக்கிறதா, சாக்கு நனைந்து காய்ந்த கறை இருக்கிறதா, நீல நூலுக்குப் பதில் வேறு நூலில் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். வேறு நூல் என்றால் நடுவில் யாரோ பிரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தையலைப் பிரிப்பதற்கு முன்னால் முருகன் நான்கு பக்கமும் போட்டோ எடுக்கட்டும். ரசீது நம்பர் ஒட்டியிருக்கும் இடமும் ஒரு போட்டோவில் தெரிய வேண்டும். நான் அனுப்பிய லாரி ரசீது, அதாவது எல்.ஆர். காப்பியில் இருக்கும் நம்பரும் அதுவும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

திறப்பதிலிருந்து முருகனை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், நடுவில் நிறுத்தாமல். மூடியில் ஆறு ஸ்க்ரூ இருக்கிறது. ஆணி இல்லை, அதனால் கடப்பாரை எதுவும் வேண்டாம், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் போதும். உள்ளே ஸ்பாஞ்சும் பழைய பருத்தித் துணியும் திணித்திருக்கும். தண்டிக்கு அடியில் மாட்டும் சுரைக்காயைக் கழற்றித் தனியாகச் சுற்றி, தண்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். தந்திகளைத் தாங்கும் குதிரையும் மாற்றுத் தந்திகளும் ஒரு மஞ்சள் துணிப் பையில் இருக்கும். அந்தப் பை சின்னது, ஸ்பாஞ்சோடு குப்பைக்குப் போய்விடப் போகிறது, அதை முதலில் எடுத்து பெரியம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

தந்தி எல்லாம் தொளதொளவென்று இருக்கும். அது பழுது இல்லை. வழியில் இழுவை தாங்காமல் போகக்கூடாது என்று வேண்டுமென்றே தளர்த்தியிருக்கிறார்கள். பிரடையைத் திருகி முறுக்கிப் பார்க்க வேண்டாம். குதிரை வைத்துச் சுருதி கூட்டுவதற்கு டீச்சரே சனிக்கிழமை வருகிறார்.

நீங்கள் பார்க்க வேண்டியதில் முதலாவது, குடமும் தண்டியும் சேரும் இடம். இது ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணை இல்லை, ஒட்டு வீணை. அதனால் அந்த ஒட்டுதான் உயிர்நாடி. அங்கே வெள்ளையாக ஒரு வேலைப்பாட்டுப் பட்டை ஓடும். டார்ச்சை நேராக அடிக்காமல் சாய்த்து அடித்தபடி அந்தப் பட்டையைச் சுற்றிலும் பாருங்கள். பட்டை எங்காவது தூக்கியிருக்கிறதா, மரத்தில் மயிரிழை போல ஏதாவது ஓடுகிறதா என்று கவனியுங்கள். பலா மரத்துக்கு இயல்பாகவே ரேகை உண்டு, அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். சந்தேகம் வந்தால் கட்டைவிரல் நகத்தைக் குறுக்கே மெதுவாக இழுத்துப் பாருங்கள். ரேகை என்றால் நகம் வழுக்கிக்கொண்டு போகும், விரிசல் என்றால் தட்டும். குடத்தின் அடிப்பக்கத்தையும் இப்படியே பார்க்க வேண்டும். கனமெல்லாம் அங்கே இறங்குவதால் பெட்டி கீழே விழுந்திருந்தால் முதலில் விடுவது அதுதான்.

அப்புறம் தண்டியின் மேல் வரிசையாக இருக்கும் மெட்டுகள். பித்தளையில் இருபத்துநான்கு இருக்கும், ஒருமுறை எண்ணிவிடுங்கள். அவற்றைக் கறுப்பு மெழுகில் பதித்திருக்கிறார்கள். வண்டிக்குள் சூடு அதிகமானால் மெழுகு இளகி மெட்டு ஒரு பக்கம் சாயும், அடிபட்டால் மெழுகு பெயர்ந்து துண்டாக விழும். ஒன்றிரண்டு லேசாகச் சாய்ந்திருந்தால் கவலை இல்லை, மெட்டு கட்டுகிறவரை வைத்துச் சரி செய்துகொள்ளலாம். ஆனால் பேப்பரில் எழுதாமல் விடாதீர்கள். பிரடைகள் ஏழும் இருக்கின்றனவா, தண்டி நுனியில் செதுக்கிய யாளியின் மூக்கும் காதும் முழுசாக இருக்கின்றனவா, சுரைக்காய் நசுங்காமல் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது. இங்கே பேக் செய்வதற்கு முன் எடுத்த போட்டோக்களைத் தனியாக அனுப்புகிறேன், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால், "திறந்து பார்த்தேன், நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று உங்கள் கையால் எழுதி, தேதி, நேரம் போட்டுக் கையெழுத்து வையுங்கள். சின்னக் கீறல், மெட்டு சாய்ந்தது போன்றவை என்றால் என்ன பழுது என்று அதே பேப்பரில் எழுதிவிட்டு வாங்கிக்கொள்ளலாம். குடத்திலோ தண்டியிலோ விரிசல், ஒட்டு விட்டிருக்கிறது, அல்லது தண்டி முறிந்திருக்கிறது என்றால் வாங்க வேண்டாம். உடனே எனக்குப் போன் செய்யுங்கள், வண்டிக்காரரிடம் நானே பேசுகிறேன். அவர் மேல் கோபப்பட்டுப் பிரயோசனம் இல்லை, கிடங்கில் ஏற்றிவிட்டதைக் கொண்டுவருகிறவர் அவர்.

திறந்து பார்க்க அனுமதி இல்லை என்று சொன்னாலும் சொல்வார். சில இடங்களில் அப்படி ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். நான் புக் பண்ணும்போதே திறந்து பார்த்துத்தான் வாங்குவோம் என்று சொல்லி, எல்.ஆரிலும் எழுதி வாங்கியிருக்கிறேன். அந்த வரியைக் காட்டுங்கள். அப்படியும் மறுத்தால், பெட்டியின் வெளிப்பக்கம் பழுதில்லாமல் இருக்கும் பட்சத்தில், "திறந்து பார்க்க அனுமதிக்கவில்லை, உள்ளே சரிபார்க்காமல் பெற்றேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவர் கிளம்பியதும் வீடியோ எடுத்துக்கொண்டே பிரித்துவிடுங்கள். வெளியிலேயே அடிபட்டிருந்தால் எனக்குப் போன் செய்யாமல் எதையும் எழுத வேண்டாம். எதை எழுதினாலும் அவர் கொண்டுபோகும் காப்பி, நம் காப்பி இரண்டிலும் இருக்க வேண்டும். அவர் காப்பியை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

"இப்ப சொல்லலைன்னா அப்புறம் எதுவும் கேட்க முடியாது" என்று யாராவது அவசரப்படுத்தினால் பதற வேண்டாம். லாரி சரக்குக்கு 2007-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க அதில் இடம் உண்டு. ஆனால் அன்றைக்கே எழுதி வாங்கிய ஒரு வரி இருந்தால் அந்த நோட்டீஸுக்கு வலு கூடும்.

வாடகை முழுவதும் இங்கேயே கட்டிவிட்டேன், எல்.ஆரில் "பெய்ட்" என்று சீல் இருக்கிறது. பெட்டியைத் திண்ணை வரை தூக்கி வைத்ததற்கு நூறு ரூபாய் கொடுங்கள், அது நியாயம். அதற்கு மேல் டெலிவரி சார்ஜ் என்று கேட்டால் கொடுக்க வேண்டாம்.

வீணையைப் பெட்டியோடு நடு ரூமில், கட்டிலுக்குக் கீழே படுக்கை வாக்கில் வைத்துவிடுங்கள். மாடி ரூம் வேண்டாம், மொட்டைமாடிச் சூட்டில் மெழுகு இளகிவிடும். ஸ்பாஞ்சையும் பெட்டியையும் தூக்கிப் போட வேண்டாம், திருப்பி அனுப்ப நேர்ந்தால் அதே பெட்டிதான் வேண்டும். பெரியம்மாவுக்குப் பொட்டு வைக்க ஆசையாக இருக்கும். யாளி நெற்றியில் ஒரு பொட்டு மட்டும் வைக்கச் சொல்லுங்கள், குடத்தில் சந்தனம் எதுவும் பூச வேண்டாம்.

நாலு வருஷமாக டீச்சர் வீட்டு வீணையில், மற்ற பிள்ளைகள் எழுந்த பிறகு கிடைக்கிற நேரத்தில்தான் அவள் வாசித்துக்கொண்டிருக்கிறாள். இவ்வளவு தூரம் நான் கவலைப்படுவது அதற்காகத்தான். விஜயதசமி அன்று அவள் உட்கார்ந்து வாசிக்கும்போது ஒரு பழுதும் இருக்கக்கூடாது.

வியாழனும் வெள்ளியும் காலை ஒன்பதிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருப்பேன். வண்டிக்காரர் கூப்பிட்டதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள், நான் வீடியோ காலில் வந்துவிடுகிறேன். நீங்கள் கண்ணாடி போட்டுக்கொள்ள மறக்காதீர்கள்.

அன்புடன்,
வசந்தி
கும்பகோணம்