கென்யாவின் ரத்தம், செயின்ட் லூசியாவின் ஆங்கிலம்

டெரெக் வால்காட்டின் ‘எ ஃபார் க்ரை ஃப்ரம் ஆப்பிரிக்கா’ என்ற கவிதை 1962இல் வந்த ‘இன் எ கிரீன் நைட்’ தொகுப்பில் இருக்கிறது. பின்னணி, கென்யாவில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக எழுந்து, 1952இல் அவசரநிலை வரை போன மாவ் மாவ் கிளர்ச்சி. எழுதியவரோ செயின்ட் லூசியா என்ற கரீபியத் தீவுக்காரர். தாத்தாக்கள் இருவரும் வெள்ளையர், பாட்டிகள் ஆப்பிரிக்க வழியினர்.

தொடக்கத்தில் ஆப்பிரிக்கா ஒரு விலங்கின் பழுப்புத் தோல். கிளர்ச்சியில் முன்நின்ற கென்யாவின் கிக்குயு மக்கள் ஈக்கள். இது காலனிய இதழியலின் பார்வைதான். கவிஞர் அதைக் கேலி செய்கிறார் என்று வாசித்துத் தப்பிப்பது எளிது. ஆனால் கேலிக்கான அடையாளம் அங்கே வலுவாக இல்லை. கற்ற மொழியோடு அதன் கண்களும் சேர்ந்தே வந்துவிட்டன என்றே எனக்குத் தோன்றுகிறது. காலனியக் கொள்கைக்குச் சான்று தேடும் புள்ளிவிவரங்களையும் அறிஞர்களையும் கவிதை ஏளனம் செய்கிறது. ஆனால் படுக்கையில் வெட்டுண்ட வெள்ளைக் குழந்தையையும் அது மறைக்கவில்லை. தரப்பு எடுத்த வாசிப்புகள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

‘நான்’ மூன்றாம் பத்தியில்தான் நுழைகிறது, இரு ரத்தங்களாலும் நஞ்சேறியவனாக. குடிவெறி பிடித்த ஆங்கிலேய அதிகாரியைச் சபித்தவன், அந்த ஆங்கிலத்தையே நேசிக்கிறேன் என்கிறான். அதன்பின் கேள்விகள் மட்டுமே. கடைசி அடிகளின் இயைபு ஓசையை மூடுகிறது, பொருளைத் திறந்தே விடுகிறது. இந்த முரணை ‘கலப்பு அடையாளக் கொண்டாட்டம்’ என்று பெயரிட்டு ஆற்றிவிடுவது கவிதைக்கு அநியாயம்.