கிண்ணம் வெள்ளவத்தைக்கு வந்துவிட்டது மக்களே!

3 ஓட்டம். வெறும் 3 ஓட்டம்! இதை எழுதும்போதும் கை நடுங்குது, தொண்டை அடைத்துப் போச்சு, அதனால் எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மட்டக்குளியில் நேற்று நடந்த 10 ஓவர் மென்பந்து சுற்றுப்போட்டியின் இறுதியில் கொட்டாஞ்சேனைப் பெடியளை வென்று நாங்கள் சம்பியன். சும்மா கிடைத்த வெற்றி இல்லை. நாணயச் சுழற்சியில் வென்று துடுப்பெடுத்தாடப் போனோம், 5 ஓவர் முடியும்போது ஸ்கோர் 31க்கு 5. பந்தலுக்குக் கீழே ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, ஸ்கோர் எழுதின தம்பி மட்டும் "2022 ஆசியக் கிண்ண ஃபைனலில் ஸ்ரீலங்கா 58க்கு 5, பிறகு 170 அடிச்சவங்கள்" என்று புலம்பிக்கொண்டே இருந்தான். சரி, அவன் சொன்னது பலித்துவிட்டது. கெப்டனும், சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற எங்கள் கடைக்குட்டியும் சேர்ந்து கடைசிப் பந்துவரைக்கும் நின்று 86க்குக் கொண்டுபோய் விட்டார்கள். கடைக்குட்டி அடித்த அந்த லோங் ஓன் சிக்ஸர் வீடியோ கடைசியில் இருக்கு, சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பாருங்கள், பின்னால் கத்துகிறது அவனுடைய அம்மாதான்.

இப்ப முக்கியமான விஷயம், தயவுசெய்து இதை வாசிக்காமல் லைக் போட்டுவிட்டுப் போகாதீர்கள். 9ஆவது ஓவரில் அவர்களுக்கு 10 பந்தில் 17 ஓட்டம் தேவை, அவர்களுடைய நல்ல அடி அடிக்கிற ஆள் செட் ஆகி நிற்கிறார், மட்ச் அவர்கள் பக்கம்தான் இருந்தது. பந்து துடுப்பின் விளிம்பில் லேசாக உரசிக் கீப்பர் கைக்குப் போனது. நாங்கள் கேட்டோம், நடுவர் அசையவில்லை, அவருக்குச் சத்தம் கேட்கவில்லை போல, அந்த பாபரே பாண்டுக்கு நடுவில் யாருக்குத்தான் கேட்கும்? அப்ப அந்த மனுஷன் ஒன்றும் சொல்லாமல் துடுப்பைக் கக்கத்தில் செருகிக்கொண்டு தானே நடந்து வெளியே போனார். ஃபைனலில்! இன்னும் ஒரு ஓவர் அவர் நின்றிருந்தால் 5ஆவது படத்தில் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பது நாங்களாக இருந்திருக்காது, இதை எங்கள் பெடியள் எல்லாருமே ஒத்துக்கொள்வார்கள். அண்ணா, உங்களுக்குப் பெரிய வணக்கம். அவர் போகும்போது எங்கள் பக்கச் சனமும் எழும்பி நின்று கைதட்டியது, எனக்கு அதுவும் பெருமைதான்.

கடைசி ஓவரில் 11 தேவை. காலையில் ஓட்டோ ஹயர் ஓடிவிட்டு நேரே மைதானத்துக்கு வந்த எங்கள் மூத்த அண்ணன் கையில் பந்து. ஒரு சிங்கிள், ஒரு டொட், பிறகு ஒரு பவுண்டரி (அப்ப நான் கண்ணை மூடிவிட்டேன்), இரண்டாவது ஓட்டத்துக்கு ஓடி ஒரு ரன் அவுட், மறுபடி ஒரு சிங்கிள். கடைசிப் பந்துக்கு 4. தூக்கி அடித்தார்கள், மிட் விக்கெட் எல்லையில் நின்றவர் யார் தெரியுமா, அரையிறுதியில் இரண்டு கட்ச் விட்டு எங்களிடம் நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டவர்! கோட்டுக்கு அரை அடி உள்ளே நெஞ்சோடு சேர்த்து அமுக்கிப் பிடித்தார். அதற்குப் பிறகு நடந்தது எனக்கு ஒழுங்காக ஞாபகம் இல்லை, யாரோ என் செருப்பைக் கொண்டுபோய்விட்டார்கள், கண்டவர்கள் இன்பொக்ஸில் வரவும்.

கொட்டாஞ்சேனை அணிக்கு: தோற்ற பிறகும் வரிசையாக வந்து எல்லாருக்கும் கைகொடுத்து, எங்களோடு நின்று படமும் எடுத்தீர்கள். உங்கள் வேகப்பந்து வீச்சாளரின் முதல் இரண்டு ஓவரை எங்கள் ஓப்பனர்கள் கனவிலும் மறக்கமாட்டார்கள். அந்தப் பக்கத்து அணியை நக்கலடித்து ஒரு கொமெண்டும் இங்கே வேண்டாம், கண்டால் அழிப்போம், நண்பனாக இருந்தாலும் அழிப்போம்.

ஜெர்சி அடித்துத் தந்த கடைக்கார அண்ணனுக்கும், வெயிலில் நின்ற நடுவர்கள் இரண்டு பேருக்கும், வடையும் பிளேன்டீயும் கட்டிக்கொண்டு வந்த அம்மாமாருக்கும் நன்றி. கிண்ணம் இந்தக் கிழமை முழுக்கக் கெப்டன் வீட்டில் இருக்கும், பார்க்க வருகிறவர்கள் முதலில் அவருடைய மனைவியிடம் அனுமதி எடுங்கள், வீடு ஏற்கனவே நிரம்பிவிட்டதாம். சனிக்கிழமை இரவு கொத்து ரொட்டி கழகக் கணக்கில். ஞாயிறு காலை 6.30க்குப் பயிற்சி வழமைபோல, கொத்து சாப்பிட்ட சாட்டு எடுபடாது!