பார்க்கிங் பிளக்கில் கார் சார்ஜ் போடுவது பற்றி

செல்வம் அண்ணா, வணக்கம். இரண்டாவது மாடி கவிதா. நேற்று மோட்டார் ரூம் பக்கம் நின்று பேசியதை விவரமாக எழுதி அனுப்புகிறேன் என்றேன் இல்லையா, அதுதான் இது. மெசேஜ் கொஞ்சம் நீளம். பணமும் கரண்ட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மல்லிகா அண்ணியும் படிக்கட்டும்.

வண்டி அடுத்த வாரம் வருகிறது. டியாகோ எலக்ட்ரிக், 24 யூனிட் பேட்டரி. என் மீட்டர் முன்பக்க போர்டில் இருக்கிறது. அங்கிருந்து பார்க்கிங் வரை ஒயர் இழுக்க மற்ற வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும், அதற்கு நாளாகும். அதுவரை உங்கள் தூணில் இருக்கும் 15 ஆம்பியர் பாயின்ட்டில் போட்டுக்கொள்ள அனுமதி கேட்கிறேன். ஆறு மாதம் போதும். என் லைன் வந்தவுடன் மாறிவிடுவேன்.

எனக்கு எவ்வளவு கரண்ட் தேவைப்படும் என்றால், அம்பத்தூர் எஸ்டேட் போய் வருவது, மாதம் ஒன்றிரண்டு தடவை பொன்னேரியில் அம்மா வீடு, எல்லாம் சேர்த்து மாதம் 700 கிலோமீட்டர் வரும். ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் என்று வைத்தால் 100 யூனிட். சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் வீணாகும், அதையும் சேர்த்து 110. அதாவது உங்கள் ஒரு பில்லுக்கு, இரண்டு மாதத்துக்கு, சுமார் 220 யூனிட் கூடும்.

இப்போது பங்கு பிரிப்பது. இதைத்தான் கவனமாகப் பாருங்கள் அண்ணா. மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து, என் யூனிட்டுக்கு அந்த விலையைக் கொடுத்தால் போதும் என்று தோன்றும். அது உங்களுக்கு நஷ்டம். முதலில் வரும் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம், அது உங்கள் இணைப்புக்கு அரசு கொடுப்பது. அதற்கு மேல் யூனிட் ஏற ஏற ஒவ்வொரு ஸ்லாபிலும் விலை கூடுகிறது, 500 தாண்டினால் கணக்கே மாறிவிடுகிறது. உங்களுக்கு வழக்கமாக 340 யூனிட் வரும் என்றீர்கள். என் 220 சேர்ந்தால் 560. கார் வராமல் இருந்தால் நீங்கள் அந்த 500-ஐத் தொடவே போவதில்லை. சராசரி போட்டால் உங்கள் இலவச யூனிட்டில் எனக்கும் பங்கு போகும், ஸ்லாப் ஏறிய சுமையில் பாதிக்கு மேல் உங்கள் தலையில் விழும்.

அதனால் இப்படிச் செய்வோம். ஈபி இணையதளத்தில் யூனிட்டைப் போட்டால் பில் தொகை காட்டும் பக்கம் இருக்கிறது. ரீடிங் எடுத்ததும் மொத்த யூனிட்டைப் போட்டு ஒரு தொகை பார்ப்போம். என் யூனிட்டைக் கழித்துப் போட்டு இன்னொரு தொகை பார்ப்போம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் என்னுடையது. கோடையில் நீங்கள் ஏசி அதிகம் போட்டு உங்கள் யூனிட் கூடினாலும் இதே கணக்குதான். கார் இல்லாவிட்டால் என்ன கட்டியிருப்பீர்களோ, அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட உங்கள் கையிலிருந்து போகக் கூடாது.

என் யூனிட்டை அளக்க, என் லைனுக்கு மட்டும் ஒரு சப் மீட்டர் மாட்டுகிறேன். தம்பியின் ஸ்கூட்டர் சார்ஜ் அதில் சேராது, அது பழைய பாயின்ட்டிலேயே இருக்கட்டும். ஈபி ஆள் ரீடிங் எடுக்க வரும் அன்றே சப் மீட்டரை போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பிவிடுவேன், அன்றே ஜிபேயில் பணமும் போடுவேன். முதல் பில்லுக்கு முன்னாலேயே 2000 ரூபாய் முன்பணம் உங்களிடம் இருக்கட்டும், கடைசியில் கழித்துக்கொள்ளலாம்.

பணத்தைவிட எனக்குக் கவலை ஒயரிங்தான். அயர்ன் பாக்ஸ் பத்து நிமிடம் ஓடி நின்றுவிடும். கார் அப்படியில்லை, முழு லோடில் மணிக்கணக்காக இழுக்கும். ஸ்க்ரூ கொஞ்சம் லூசாக இருந்தாலும் அந்த இடம் சூடாகி பிளக் உருகும். நேற்று உங்கள் சாக்கெட்டை டார்ச் அடித்துப் பார்த்தேன். வலது பக்கத் துளையைச் சுற்றி பழுப்பாகக் கருகின தடம் இருக்கிறது. கார் போடுகிறோமோ இல்லையோ, தம்பியின் ஸ்கூட்டருக்காகவாவது அந்த சாக்கெட்டை உடனே மாற்றியாக வேண்டும் அண்ணா. இன்று முதலே அதில் எதையும் ராத்திரி முழுக்க விட வேண்டாம்.

என் செலவில் செய்ய நினைப்பது: உங்கள் மெயின் போர்டிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் காப்பர் ஒயர், அதற்கென்று ஒரு எம்சிபி, ஷாக் அடிக்காமல் லைனைக் கட் பண்ணும் ஆர்சிசிபி, நல்ல கம்பெனி சாக்கெட், எர்த் சரியாக இருக்கிறதா என்று டெஸ்ட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எந்தக் காரணத்துக்கும் போட மாட்டேன். இப்போது சாக்கெட் முழங்கால் உயரத்தில்தான் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் கொளத்தூர் பக்கம் தண்ணீர் எப்படி நின்றது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதனால் புதிய சாக்கெட்டையும் சப் மீட்டரையும் நெஞ்சு உயரத்துக்கு மேல், மூடி வைத்த பெட்டியில் வைக்கச் சொல்கிறேன். பார்க்கிங்கில் தண்ணீர் ஏறும் நாளில் சார்ஜ் கிடையாது, எம்சிபியை நீங்களே இறக்கிவிடலாம், என்னைக் கேட்கவே வேண்டாம். நான் மாறிப் போனபிறகு இது எல்லாம் உங்கள் வீட்டுக்கே இருக்கட்டும்.

நேரம்: வாரம் இரண்டு இரவு, 11 மணியிலிருந்து காலை 5 வரை. ஒரு இரவுக்கு 15 யூனிட் போல ஏறும், எனக்குப் போதும். அந்த நேரத்தில் உங்கள் பெட்ரூம் ஏசி ஓடும் என்று தெரியும். ஏசி, கார், காலையில் கீஸர் மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தால்தான் லோடு தாங்காது. அண்ணி ஐந்தரைக்கு கீஸர் போடுவதற்குள் நான் கழற்றிவிடுவேன். ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்: உங்கள் ஈபி பில்லில் சாங்ஷன் லோடு எத்தனை கிலோவாட் என்று போட்டிருக்கிறது? குறைவாக இருந்தால் முதலில் லோடு கூட்ட விண்ணப்பித்துவிட்டு, அது வந்தபிறகே ஆரம்பிப்போம். அந்தக் கட்டணமும் என்னுடையது. அதுவரை வெளியே பாஸ்ட் சார்ஜரில் போட்டுக்கொள்கிறேன், விலை கூட என்றாலும் சமாளிக்கலாம்.

உங்களுக்கு எப்போது வேண்டாம் என்று தோன்றினாலும் ஒரு வாரம் முன்னால் சொன்னால் போதும், காரணம் கேட்க மாட்டேன். பார்க்கிங்கில் என் வண்டி உங்கள் தூண் பக்கம் நிற்கும் அந்த இரண்டு இரவும் தம்பி ஸ்கூட்டர் எடுக்க வழி விட்டே நிறுத்துவேன்.

எலக்ட்ரீசியன் ஞாயிறு காலை பத்து மணிக்கு வருகிறேன் என்றிருக்கிறார். உங்களுக்குச் சரி என்றால் அன்றே மெயின் போர்டைத் திறந்து பார்க்கச் சொல்கிறேன், நீங்களும் பக்கத்தில் இருந்தால் நல்லது. சனிக்கிழமை ராத்திரிக்குள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் அண்ணா. கார் விஷயத்தில் சம்மதம் இல்லை என்றாலும், அந்தக் கருகின சாக்கெட்டை மட்டுமாவது அன்றைக்கு மாற்றிவிடச் சொல்கிறேன்.

கவிதா