ஆடித் திருவிழா வரி: ஒரு நினைவூட்டல்

கிழக்குத் தெரு உறவினர்கள் எல்லாருக்கும் விழாக் குழுவின் வணக்கம்.

முதலில் ஒரு வருத்தம். போன ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசல் கரும்பலகையில் வரி பாக்கிக்காரர்களின் பெயரை எழுதியிருந்தோம். அதை யாரோ படமெடுத்துத் தெரு வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டார்கள். மறுநாள் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு பையன், "உங்க அப்பா பேரு போர்டுல இருக்குடா" என்று இன்னொரு பையனைக் கேலி செய்திருக்கிறான். கேட்டபோது எங்களுக்கே கூசியது. பலகையை அன்றே அழித்துவிட்டோம். மன்னிக்கவும்.

வரி கட்டியவர், கட்டாதவர் என்று பிரிக்காமல் இந்தக் கடிதத்தை 142 வீட்டுக்கும் கொடுக்கிறோம். கட்டியவர்களுக்கு நன்றி, நீங்கள் கணக்கைப் பார்த்துக்கொண்டால் போதும்.

தலைக்கட்டுக்கு 1,500 ரூபாய் என்று ஊர்க்கூட்டத்தில் பேசினோம். மொத்தம் 2,13,000 வர வேண்டும். 97 வீட்டில் முழுசாகவும் 14 வீட்டில் பாதியும் தந்ததில் 1,56,000 சேர்ந்திருக்கிறது. இன்னும் 57,000 வேண்டும். மேளத்துக்கும் மைக்செட், சீரியல் லைட்டுக்கும் முன்பணம் கொடுத்தாயிற்று. பந்தல்காரர் காப்புக் கட்டுக்கு முன்னால் மீதியைக் கேட்கிறார். அன்னதானத்துக்கு அரிசி இன்னும் எடுக்கவில்லை, எங்கள் கவலை அதில்தான்.

ஆடி 13 செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டு, அதற்கடுத்த செவ்வாய் பொங்கல், புதன் முளைப்பாரி கரைப்பு. ஆகவே ஆடி 10 சனிக்கிழமைக்குள் முடிந்ததைக் கொடுத்து உதவுங்கள். தினமும் மாலை 6 மணியிலிருந்து 8 மணி வரை கோயில் மண்டபத்தில் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு இருப்பார். ஜிபே செய்கிறவர்களும் ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள், அப்புறம் கணக்கு வாசிக்கும்போது குழப்பம் வராது.

ஜூன் மாதம் பிள்ளைகளுக்குப் பள்ளிச் செலவு, அது முடிவதற்குள் ஆடி வந்துவிடுகிறது. குழுவில் இருக்கும் எங்கள் வீட்டிலும் அதே கதைதான். இரண்டு தவணையாகத் தரலாம். பணத்துக்குப் பதில் ஒரு சிப்பம் அரிசியோ, காய்கறியோ தரலாம்; பந்தல் நாளில் இரண்டு ஆள் கை கொடுத்தாலும் பெரிய உதவி. இந்த வருஷம் முடியவில்லை என்றால் பொருளாளரிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லுங்கள், காரணம் கேட்க மாட்டோம். மைக்கில் யார் பெயரையும் வாசிக்க மாட்டோம்.

வரி பாக்கி என்பதற்காக எந்த வீட்டு முளைப்பாரிச் சட்டியையும் தள்ளி வைப்பதில்லை. காப்பன்று சாயங்காலம் எல்லா வீட்டுப் பெண்களும் பயறு எடுத்துக்கொண்டு வாருங்கள். சட்டியும் எருவும் கோயிலில் இருக்கும்.

விழா முடிந்த ஞாயிறு காலை 10 மணிக்கு மண்டபத்தில் கணக்கு வாசிப்போம். எந்தச் செலவைப் பற்றியும் கேட்கலாம்.

இப்படிக்கு,
ஆடித் திருவிழாக் குழு
மாரியம்மன் கோயில், கிழக்குத் தெரு