அம்மோனியாவிலிருந்து நைட்ரிக் அமிலம்: 900 டிகிரி வெப்பம் எங்கே போகிறது?

கேள்வி: ஆஸ்வால்ட் முறையில் அம்மோனியாவும் காற்றும் வினைபுரியும் பிளாட்டின வலையை விட்டு 900 டிகிரியில் வெளிவரும் வாயுவை உடனே தண்ணீரில் செலுத்தி அமிலமாக்கலாமே. பாய்லர், சூடேற்றி, பாய்லர் தண்ணீரை முன்கூட்டியே சூடாக்கும் ஈகோனமைசர் என்று ஏன் இத்தனை உபகரணங்கள்? வெப்ப மீட்பு மின்செலவைக் குறைப்பதற்கு மட்டும்தானா?

பதில்: இல்லை. வாயுவைக் குளிரச் செய்யாமல் நைட்ரிக் அமிலமே கிடைக்காது. எப்படியும் வெளியேற்றியாக வேண்டிய வெப்பத்தை நீராவியாகப் பிடித்துக்கொள்கிறோம் என்பதே சரியான பார்வை. மூன்று வினைகளையும் எழுதிப் பாருங்கள்:

4NH3 + 5O2 → 4NO + 6H2O
2NO + O2 → 2NO2
3NO2 + H2O → 2HNO3 + NO

முதல் வினையில் ஒரு மோல் அம்மோனியாவுக்குச் சுமார் 226 கிலோ ஜூல் வெளியாகிறது. காற்றில் 10 சதவீதம் அம்மோனியா என்று வைத்துக்கொண்டால், ஒரு மோல் கலவைக்கு 22.6 கிலோ ஜூல். அந்த வாயுவின் வெப்ப ஏற்புத்திறன் ஒரு மோலுக்கு, ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 32 ஜூல். வகுத்தால் 700 டிகிரிக்குச் சற்று மேல் வெப்பநிலை உயரும். அதாவது ஒவ்வொரு சதவீத அம்மோனியாவுக்கும் சுமார் 70 டிகிரி. கலவை 200 டிகிரியில் உள்ளே வந்தால் வலை 900-ஐ எட்டும். பற்றவைத்த பிறகு வலைக்கு வெளியிலிருந்து சூடு தேவையில்லை. அம்மோனியாவை அதிகமாகக் கலக்கவும் முடியாது. வலை பாழாவது ஒருபுறம், வெடிப்பு எல்லை நெருங்குவது மறுபுறம்.

வலை என்பது பிளாட்டினத்தோடு 5 முதல் 10 சதவீதம் ரோடியம் சேர்த்து, மனித முடியின் தடிமனுள்ள கம்பியால் நெய்த துணி. பல அடுக்குகளாக விரித்திருப்பார்கள். வாயு அதைத் தொட்டுக் கடக்கும் நேரம் மில்லி நொடிக் கணக்கில்தான். அதற்குள் 95 சதவீத அம்மோனியா NO ஆகிவிட வேண்டும். பார்வைக் கண்ணாடி வழியே பார்த்தால் ஒரே சீரான ஆரஞ்சு ஒளி தெரிய வேண்டும். ஒருமுறை நான் பார்த்தபோது ஓரமாக உள்ளங்கை அளவு கருந்திட்டு இருந்தது. குழாயிலிருந்து வந்த இரும்புத் துரு அங்கே படிந்திருந்தது. அந்த இடத்தில் வினை நடக்காமல் அம்மோனியா அப்படியே நழுவிக் கீழே போகும். போனது சும்மா இருக்காது, உருவான NO-வையும் சேர்த்து நைட்ரஜனாக்கிவிடும்.

இப்போது இரண்டாம் வினைக்கு வாருங்கள். உங்கள் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலான வினைகள் சூட்டில் விரையும். NO ஆக்சிஜனோடு சேரும் வினை குளிரக் குளிர விரைகிறது. 900 டிகிரியில் NO2 நிலைக்கவே நிலைக்காது. சூடான வாயுவைத் தண்ணீரில் விட்டால் ஏராளமான நீராவி கிளம்பும், NO பெரும்பாலும் கரையாமல் தப்பிவிடும், கிடைக்கும் கொஞ்சநஞ்ச அமிலமும் நீர்த்துப்போகும்.

ஆகவே படிப்படியாகக் குளிர்விக்கிறோம். வலைக்கு நேர் கீழே பாய்லரும் நீராவிச் சூடேற்றியும் இருக்கும். பெரும் பங்கு வெப்பம் இங்கேயே பிடிபட்டு, 40 பார் அழுத்த நீராவியாக டர்பைனுக்குச் செல்கிறது. அடுத்து, NO2-வைத் தண்ணீர் உறிஞ்சி அமிலமாக்கும் கோபுரத்தின் உச்சியிலிருந்து, உறிஞ்சப்படாமல் மிஞ்சிக் குளிர்ந்து வரும் டெயில் கேஸ் இந்த வாயுவால் சூடாக்கப்பட்டு, விரிவு டர்பைனைச் சுழற்றுகிறது. இரண்டு டர்பைன்களும் ஒரே தண்டில் காற்றுக் கம்ப்ரஸரை இயக்குகின்றன. ஒரு டன் அமிலத்துக்கு எல்லா வினைகளும் சேர்ந்து 6 ஜிகா ஜூலுக்கு மேல் தருவதால், கம்ப்ரஸருக்குப் போக நீராவி மீந்து வெளியே கொடுக்கும் ஆலைகளும் உண்டு.

ஈகோனமைசரில் மாணவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. வாயு 300 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது இரண்டாம் வினை வேகமெடுத்து, NO ஒரு மோலுக்கு 57 கிலோ ஜூல் வெளியிடுகிறது. எதுவும் சூடாக்காத வெறும் குழாயிலேயே வாயுவின் வெப்பநிலை ஏறும். அதனால் வினை நடக்கப் போதிய இடம் விட்டு, அந்த வெப்பத்தையும் ஈகோனமைசரில் பிடிப்பார்கள்.

வெப்பம் மிச்சமாகிறது என்று எவ்வளவு வேண்டுமானாலும் அங்கே குளிர்வித்துவிடவும் கூடாது. வாயுவில் நீராவி நிறைய இருக்கிறது. நீராவி துளிக்கத் தொடங்கும் வெப்பநிலையான பனிநிலைக்குக் கீழே குழாய்ச் சுவர் போனால் அமிலம் துளித்து, அடுத்த நிமிடம் ஆவியாகி, மீண்டும் துளிக்கும். இந்த மாறிமாறி நனைவதும் காய்வதும் துருப்பிடிக்காத எஃகையே தின்றுவிடும். ஆலையைத் தொடங்கும் வேளையில் ஆபத்து இன்னும் பெரிது: வலை முழுதாகப் பற்றாதபோது நழுவும் அம்மோனியா, குளிர்ந்த சுவரில் அம்மோனியம் நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் படியும். அவை வெடிக்கக்கூடிய உப்புகள். எனவே ஈகோனமைசருக்குள் வரும் தண்ணீரை முன்பே சூடாக்கி, சுவரைப் பனிநிலைக்கு மேல் வைத்திருப்பார்கள். துளிக்க வைப்பது அதற்கென்றே கட்டிய குளிர்விப்பானில்தான். அங்கே வாயு 50 டிகிரிக்கு இறங்கி, முதல் நீர்த்த அமிலம் சேர்ந்து, பம்ப் வழியே கோபுரத்தின் நடுத்தட்டுக்குப் போகிறது.